பெயின்ட் வாசம் போனது, அலமாரி வாசம் போகவில்லை

புது அறையில் அடிக்கிற எல்லா நெடிக்கும் நம் ஊரில் ஒரே பெயர்தான்: பெயின்ட் வாசம். “ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைங்க சார், தானா போயிடும்” என்று பெயின்டர் சொல்லிவிட்டுப் போவார். அவர் அடித்த சுவரைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட சரி. ஆனால் அறையில் நெடுநாள் கிடக்கும் நெடி பெரும்பாலும் சுவரிலிருந்து வருவதில்லை. அது அலமாரிப் பலகையிலிருந்து வருகிறது.

தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கி, சித்திரை வெயிலில் வேலை பார்த்தோம். அதில் ஓர் அறை அம்மாவுக்கு. அவருக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எப்போதும் கைப்பையில் இருக்கும். அதனால் அந்த அறையை மட்டும் நான் விடாமல் கவனித்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கிழக்கே ஒரு ஜன்னல், உள்ளேயே பாத்ரூம், அதில் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். மேற்குச் சுவரில் ஹாலுக்குப் போகும் கதவு. தெற்குச் சுவர் முழுக்கப் புது அலமாரி, அதற்கு மேல் கூரை வரைக்கும் லாஃப்ட்.

அந்த அறையில் நாலு விதமான நெடி இருந்தது. சுவரில் அடித்த எமல்ஷன் தண்ணீர் கலந்த பெயின்ட். அரை மணியில் தொட்டால் ஒட்டாது, வாசமும் சில நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஜன்னல் கிரில்லிலும் பாத்ரூம் கதவிலும் அடித்த எனாமல் வேறு ஜாதி. அதில் டர்பன்டைன் முதலில் ஆவியாகிறது. அதற்குப் பிறகு எண்ணெய்ப் பகுதி காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. இறுகும்போதே இன்னொரு புளித்த எண்ணெய் வாடையை விடுகிறது. அதனால்தான் கைக்கு நன்றாகக் காய்ந்துவிட்ட கிரில் ஒரு வாரம் கழித்தும் நாறுகிறது. காற்றுப் படாமல் மூடி வைத்தால் எனாமல் இன்னும் மெதுவாகத்தான் இறுகும். மூன்றாவது, சன்மைக்கா ஒட்டிய ரப்பர் பசையும் தின்னரும். மூக்கில் பட்டதும் தலை சுற்றுவது இதனால்தான். பார்ப்பதற்குப் பயங்கரம், ஆனால் வேகமாகப் போய்விடும். நாலாவது பலகை.

பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு எல்லாமே மரத் தகட்டையோ மரத்தூளையோ பசை போட்டு அழுத்திச் செய்தவை. மலிவான ரகங்களில் அந்தப் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. காற்றில் இருக்கும் ஈரமும் சூடும் பட்டால் இந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியே விடும். முதல் சில மாதங்கள் அதிகம், பிறகு குறைந்துகொண்டே போய் வருடக் கணக்கில் தொடரும். கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் இதன் வேலை. புற்றுநோயை ஆராயும் சர்வதேச அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஓர் அலமாரி வாங்கியதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் வீசிங் உள்ளவரை அந்த அறையில் படுக்க வைப்பதற்கு முன் இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

தச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோதே பலகையின் வெட்டு விளிம்பைப் பார்த்து வைத்தேன். ஆசாரி அண்ணன்தான் காட்டினார். வாட்டர்புரூஃப் ரகம் என்று விற்கும் பலகையில் பசை ஃபீனால் வகை. விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே அது கரும்பழுப்புக் கோடாகத் தெரியும், ஃபார்மால்டிஹைடும் அதில் மிகக் குறைவாகவே வரும். கமர்ஷியல் ரகத்தில் கோடு வெளிறிப்போய் மரத்தோடு மரமாக இருக்கும். சாயம் கலந்து ஏமாற்றுபவர்களும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. பலகையில் குத்தியிருக்கும் முத்திரையையும் பார்க்க வேண்டும். கமர்ஷியலுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. எங்கள் அலமாரியின் சட்டமும் கதவும் நல்ல பலகை. பின்பக்கத் தடுப்பும், லாஃப்ட்டின் உள்பக்கமும், டிராயர் அடித்தட்டும் சாதா ரகம். “உள்ளேதானே சார், யார் பாக்கப் போறா” என்றார். கண் பார்க்காது, மூக்கு பார்க்கும்.

வேலை முடிந்த அன்றே எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டோம். பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. ஜன்னலைத் திறப்பதால் மட்டும் அறைக்குள் காற்று ஓடிவிடாது. உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக இன்னொரு வழியும் வேண்டும். ஒரே ஜன்னல் உள்ள அறையில் ஜன்னலோரம் மட்டும் சிலுசிலுவென்று இருக்கும், எதிர்மூலையில் காற்று அசையாமல் நிற்கும். சீலிங் ஃபேன் இருக்கும் காற்றையே கலக்கிவிடும், மாற்றாது. ஏ.சி.யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, அறைக்குள் இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. “ஏ.சி. போட்டுட்டோமே, வாசம் போயிருக்கும்” என்று நினைப்பவர்கள் என்னைச் சுற்றியே நிறையப் பேர்.

சென்னைப் பக்கம் இதில் ஒரு வசதி உண்டு. சித்திரை, வைகாசியில் காலை நேரத்துக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் கிழக்கிலிருந்து வரும். இதற்கேற்ப ஸ்டாண்டு ஃபேனை மாற்றிக்கொண்டேன். காலையில் ஹால் பால்கனிக் கதவையும் அறைக் கதவையும் திறந்து, ஃபேனைக் கிழக்கு ஜன்னலைப் பார்த்து வெளியே ஊதும்படி வைப்பேன். ஜன்னலோடு ஒட்டி வைக்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால், ஃபேன் காற்று விரிந்து ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெளியே போகும். மாலையில் காற்று திரும்பியதும் ஃபேனுக்கு அங்கே வேலை இல்லை. காற்று தானாகவே ஜன்னல் வழியே உள்ளே வரும். அறைக் கதவைச் சாத்திவிட்டு, பாத்ரூம் கதவைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுவேன். அப்போது நெடி ஹாலுக்குப் போகாமல் நேராக வெளியே போகும். வீட்டில் ஆட்கள் இருந்துகொண்டே ஓர் அறையை மட்டும் காற்றோட்டம் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது முறைதான் ஏற்றது. இல்லாவிட்டால் ஓர் அறையின் நெடி வீடு முழுக்கப் பரவும்.

காற்று உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதை ஊகிக்காமல் பார்த்துவிடலாம். மெல்லிய பாலிதீன் கவரிலிருந்து ஒரு நீளத் துண்டு வெட்டி, நூலில் கட்டி, கதவிடுக்கில் பிடித்தால் அது சாயும் பக்கம் தெரியும். தின்னர் நெடி முழுதாகப் போன பிறகு ஊதுபத்தியை வைத்துப் பார்த்தேன். அதற்கு முன் அறையில் நெருப்பே கூடாது, கற்பூரமும் கூடாது. ஜன்னலருகே புகை சரசரவென்று பாத்ரூமை நோக்கி ஓடியது. அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே பிடித்தபோது கயிறு போல நேராக மேலே ஏறியது. லாஃப்ட்டுக்குள் பிடித்தேன், புகை அங்கேயே தங்கிச் சுருண்டது. அறையில் நன்றாகக் காற்றோட, அலமாரிக்குள் மட்டும் பழைய காற்று அப்படியே நின்றது. நெடி ஊறுவதே அங்கேதான்.

அன்றிலிருந்து அலமாரிக் கதவு எல்லாம் விரியத் திறந்தபடி, டிராயர்களை உருவித் தரையில் செங்குத்தாக நிறுத்தி வைத்தபடி, ஸ்டாண்டு ஃபேன் அலமாரிக்குள் ஊதியபடி இருந்தது. லாஃப்ட்டுக்கு ஒரு சின்ன டேபிள் ஃபேனை ஏணி மேல் வைத்துக் கட்டினேன். பார்க்க வேடிக்கையாக இருந்தது, ஆனால் இந்த ஒரு மாற்றத்தில்தான் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அறையின் உயரம் பத்தடி என்றால் உள்ளே 1,200 கன அடிக் காற்று. ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 150 கன அடி இழுக்கும் என்பார்கள். வலையும் தூசியும் இருந்தால் நிஜத்தில் பாதிதான் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் கால் மணி நேரத்தில் ஓர் அறைக் காற்று வெளியேறிவிடும். இதைக் கேட்டதும் ‘அப்போ ஒரு மணி நேரம் போதுமே’ என்று தோன்றும். போதாது. வெளியேறுவது இப்போது காற்றில் இருக்கும் வாயு மட்டும்தான். பலகை உள்ளிருந்து விட்டுக்கொண்டே இருக்கிறது. ஜன்னலைச் சாத்திய சில மணி நேரத்தில் அளவு பழையபடி ஏறிவிடும். ஆகவே, ஜன்னல் திறந்திருக்கும்போது வாசம் வரவில்லை என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இரவில் ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்கப்போகிற அறையைச் சாத்தி வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

நான் செய்த சோதனை இப்படி. இரவில் ஜன்னல், பாத்ரூம் கதவு, அறைக் கதவு, அலமாரிக் கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு வாடகை வீட்டுக்குப் போய்விடுவோம். காலையில் வந்து, தெருவில் சிறிது நேரம் நின்றுவிட்டு, நேராக அந்த அறைக் கதவைத் திறந்து ஒரு மூச்சு. அந்த முதல் மூச்சுதான் கணக்கு. சில நிமிடங்கள் உள்ளே நின்றாலே மூக்கு பழகிவிடும், பிறகு அது என்ன சொன்னாலும் நம்பக் கூடாது. அடுத்து அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு இன்னொரு மூச்சு. கண் கரிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வாரக் கணக்கில் அதே வீட்டில் புழங்குகிற நம் மூக்கைவிட, எப்போதாவது வருகிறவரின் மூக்கு நேர்மையானது. என் அத்தை மகன் ஒரு நாள் வந்து, “அண்ணா, ரூம் பரவால்ல, மேல இருக்கிற லாஃப்ட் என்ன இப்படி எரியுது” என்றான். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஆன்லைனில் ஒரு சின்ன மீட்டரும் வாங்கினேன். திரையில் ஃபார்மால்டிஹைடைக் குறிக்கும் HCHO என்று போட்டு ஒரு எண் காட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். மீட்டரின் எண்ணை அதோடு ஒப்பிட்டு நிம்மதி அடையவோ பயப்படவோ கூடாது. மனைவி பக்கத்தில் கைக்குச் சானிடைசர் தடவினாள், எண் எகிறியது. ஊதுபத்திக்கும் அதே கதை. விலை குறைந்த சென்சார்களுக்கு ஆல்கஹாலுக்கும் ஃபார்மால்டிஹைடுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. நான் அதை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்தினேன். அதே நேரம், அதே மூடிய நிலை, அறை நடுவில் ஒரு முறை, லாஃப்ட்டுக்குள் ஒரு முறை. இரண்டில் எது மேலே இருக்கிறது என்பதற்கு அது உதவியது.

எதிர்பார்த்தபடி லாஃப்ட்தான் மேலே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்பக்கப் பலகை முழுக்க எந்தப் பூச்சும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. முன்பக்க விளிம்பில் மட்டும் டேப் ஒட்டியிருந்தார்கள், மற்ற விளிம்பெல்லாம் வெட்டியது வெட்டியபடி. கீழே அலமாரியில் கீல் பதிக்கத் துளைத்த குழிகளும், வயர் போக விட்ட ஓட்டையும் அப்படியே. பலகையின் முகத்தைவிட வெட்டு விளிம்பில்தான் வாயு அதிகம் கசியும். சன்மைக்கா ஒட்டிய இடத்தில் அது பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஆசாரி அண்ணனை மறுபடி கூப்பிட்டு, எல்லா விளிம்புக்கும் டேப், லாஃப்ட்டின் உள்பக்கத்துக்கு லேமினேட், டிராயர் அடித்தட்டுக்குத் தண்ணீர் கலந்த கிளியர் கோட் இரண்டு முறை என்று சொன்னேன். அவர் மெலமைன் பாலிஷ் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அமிலம் ஊற்றி இறுக வைக்கும் அந்தப் பாலிஷிலேயே ஃபார்மால்டிஹைடு உண்டு. அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணில் நீர் கொட்டுவது அதனால்தான். ஒட்டுவதற்கும் ரப்பர் பசை இல்லாமல் வெள்ளைப் பசை கேட்டேன். காய நேரம் பிடிக்கும் என்று முனகிக்கொண்டே செய்து கொடுத்தார். காற்றோட்டத்தால் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்த நெடி, இந்த அடைப்பு வேலைக்குப் பிறகு சட்டென்று இறங்கியது.

வெயிலையும் பயன்படுத்தினேன். சூடு ஏறினால் பலகை வாயுவை வேகமாக விடும். எனாமல் வாடை நன்றாக அடங்கிய பிறகு, மதியம் அறையைச் சாத்தி வைத்து வேக விட்டு, கடற்காற்று எழும் நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து முழுதாக வெளியேற்றுவது என்று ஒரு பழக்கம் வைத்தேன். இது எவ்வளவு வேகப்படுத்தும் என்பதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பலகையின் உள்ளே இருப்பது ஒரு கோடையில் தீர்ந்துவிடாது. ஒரே ஒரு கட்டாயம் உண்டு: அந்தச் சமயம் அறையில் மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணிமணி எதுவும் இருக்கக் கூடாது. அவை நெடியை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு இரவெல்லாம் திருப்பி விடும். மெத்தையே தனியாக வாடை விடும் என்பதால் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து பால்கனி நிழலில் நிமிர்த்தி வைத்தோம். நேர் வெயிலில் வைத்தால் ஃபோம் மஞ்சளாகிப் பொடியும்.

உறவினர்கள் சொன்ன வைத்தியமும் குறையில்லை. வெட்டிய வெங்காயம் வைத்தால் அறை வெங்காயமும் பெயின்ட்டுமாக நாறும், அவ்வளவுதான். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் ஃபார்மால்டிஹைடு அதில் கரையும் என்பது உண்மை. ஆனால் சுவர் நீள அலமாரிக்கு ஒரு கிண்ணம் எம்மாத்திரம்? சாதாரண அடுப்புக்கரித் துண்டுகளும் இந்த வாயுவைப் பெரிதாகப் பிடிப்பதில்லை. மணி பிளான்ட் யோசனை 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. வீட்டறையில் அதே பலன் வேண்டுமென்றால் நாம் நிற்க இடமில்லாத அளவுக்குத் தொட்டி வைக்க வேண்டும். சாம்பிராணியும் ரூம் ஸ்பிரேயும் இருக்கும் நெடியை மறைத்து, புதிதாக இன்னொன்றைச் சேர்க்கும். வீசிங் உள்ளவருக்கு இரண்டும் ஆகாது.

நல்ல நாள் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வைகாசியில் ஒரு முகூர்த்தத்தைப் பெரியப்பா குறித்துவிட்டார், அதைத் தள்ள முடியாது. பலர் அந்தத் தேதிக்கு முந்தின நாள் வரை பெயின்ட் அடித்து, அன்று ராத்திரியே ஈரச் சுவருக்கு நடுவே படுக்கிறார்கள். நாங்கள் அன்றைக்குப் பால் காய்ச்சினோம், சாமி படம் வைத்தோம், சாப்பாடு போட்டோம், சாயங்காலம் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். “குடி வந்துட்டு வெளியே போய்ப் படுக்கலாமா” என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அம்மாவே, “பால் பொங்கிடுச்சுல்ல, அப்புறம் என்ன, எனக்கு மூச்சு முட்டினா யார் பாப்பா” என்று முடித்துவிட்டார். கூடுதல் மாத வாடகை கையைக் கடித்தது. இன்னொரு முறை செய்வதென்றால் தச்சு வேலையை முதலில் முடிக்கச் சொல்லி, எனாமலை அடுத்து வைத்து, சுவரைக் கடைசியில் அடிக்க விடுவேன். நெடி போக அதிக நாள் எடுப்பது முதலில் வந்துவிட்டால், காத்திருக்கும் நாளும் குறையும்.

காலைச் சோதனையில் முதல் மூச்சும் அலமாரி மூச்சும் இரண்டும் தொடர்ந்து சுத்தமாக இருந்த பிறகுதான் அம்மா அந்த அறைக்குப் போனார். போன பிறகும் இரவில் ஏ.சி. ஓடும்போது ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுகிறோம். மின்கட்டணம் சற்றுக் கூடும், பரவாயில்லை. தினமும் காலையில் அரை மணி எக்ஸாஸ்ட்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் டிராயர்களில் அந்தக் காரமான நெடி லேசாகத் திரும்பி வந்தது. ஈரப்பதம் ஏறினால் பசை மறுபடி உடையும், அதனால் இது எதிர்பார்த்ததுதான். பெயின்டரைக் கூப்பிடத் தேவையில்லை. டிராயரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்து, மழை விட்ட நேரத்தில் ஃபேன் போட்டால் அடங்கிவிடுகிறது. உள்ளே இருந்த துணியில் ஏறியிருந்தால் ஒரு முறை அலசிக் காயப்போட்டால் போதும், ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும்.